முதலில் காற்று, அப்புறம் கரண்ட், கடைசியில்தான் மழை

சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் மாலை வரவேற்பைத் திறந்தவெளியில் வைப்பது இப்போது ஊருக்கு ஊர் பரவிவிட்டது. மண்டபத்துப் புழுக்கத்தைவிடத் தோப்பும் திடலும் மேல் என்று பலர் நினைக்கிறார்கள். நினைப்பில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டு மாதங்களில்தான் உள்மாவட்டங்களில் கோடை இடி மழை வரும். பகலெல்லாம் காய்ந்த தரைச் சூடு மேகமாகத் திரண்டு, பெரும்பாலும் மாலை நாலு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையில் கொட்டும். பத்திரிகையில் 'மாலை 6.30 மணியளவில்' என்று அச்சடித்திருப்பதும் அதே நேரம்தான்.

இதற்குத் தயாராகிறவர்கள் பொதுவாக இரண்டு ஏற்பாடு செய்கிறார்கள். மழைக்குத் தகரப் பந்தல் அல்லது தார்ப்பாய், கரண்டுக்கு ஜெனரேட்டர். இரண்டும் தேவைதான். குறை எங்கே என்றால், இரண்டையும் தனித்தனி ஆபத்தாக நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. கோடை இடி மழையில் அவை சேர்ந்தே வருகின்றன, அதுவும் ஒரு வரிசையில்.

திரண்ட மேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுகிறது. தரையில் மோதி, நாலாபுறமும் பரவி, மழைக்கு முன்னால் பல கிலோமீட்டர் ஓடிவருகிறது. சட்டென்று ஜில்லென்று ஆகும், மண்வாசனை வரும், புழுதி கிளம்பும். கூட்டத்தில் இருப்பவர்கள் 'அப்பாடா' என்று சொல்லும் அந்த நிமிடம்தான் ஆபத்தின் தொடக்கம். அடுத்து மரக்கிளை கம்பியில் உரசி ஃபீடர் 'டிரிப்' ஆகும். அல்லது அறுந்த கம்பி யார் மேலும் விழுந்துவிடக் கூடாது என்று மின்வாரிய ஊழியர்களே லைனை நிறுத்துவார்கள். மழைத்துளி விழுவது அதற்கும் பிறகு. ஆக மழைக்கான ஏற்பாடு தன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே காற்று வந்து போயிருக்கும், விளக்கும் அணைந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். திருச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். தென்னந்தோப்பை ஒட்டிய திடல். ஐந்நூறு பேர் வருகிற வரவேற்பு. மேடை, மேடைக்குப் பின்னால் 20 அடிக்கு 10 அடி ஃப்ளெக்ஸ், நுழைவாயிலில் வளைவு, நாற்காலிகளுக்கு மேல் சாமியானா, சாப்பாட்டுப் பந்தல், சமையல் கொட்டகை.

முதலில் காற்று. வானிலை மையத்தின் அறிவிப்பில் 'இடி மின்னலுடன் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் பலத்த காற்று' என்று வாசிக்கும்போது அது பெரிதாகத் தோன்றாது. பைக்கில் போகிற வேகம்தானே என்று இருக்கும். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். மணிக்கு 30 கி.மீ. காற்று அந்த மேடை ஃப்ளெக்ஸைச் சுமார் 80 கிலோ விசையோடு தள்ளும். நாலு கயிறு தாங்கிக்கொள்ளும். 60 கி.மீ. காற்று 300 கிலோவுக்கு மேல் தள்ளும். அந்த விசையில் கயிறு அறுந்தால் நல்லது. கயிறு அறுக்காமல் சாரத்தையும் சேர்த்துச் சாய்த்தால்தான் கேடு, ஏனென்றால் அதன் கீழே மணமக்களோடு படம் எடுக்கிற கூட்டம் வரிசையில் நிற்கிறது.

அதனால் பந்தல்காரரிடம் பேசும்போது 'கெட்டியாகக் கட்டுங்கள்' என்பதோடு விட்டுவிடக் கூடாது. 'சீக்கிரம் அவிழ்க்கிற மாதிரி கட்டுங்கள்' என்றும் சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸை மேலே உருவு முடிச்சில் கட்டி, கயிற்று நுனியைத் தரையிலிருந்து எட்டும்படி விட்டால், இரண்டு ஆட்கள் இரண்டே நிமிடத்தில் இறக்கிவிடலாம். பிரச்சினை அந்த இரண்டு ஆட்கள்தான். பந்தல் போடுகிறவர்கள் வேலை முடிந்ததும் போய்விட்டு, பிரிப்பதற்கு நள்ளிரவில்தான் வருவார்கள். நாலு மணியிலிருந்து பதினொரு மணி வரை இரண்டு பேர் ஏணியும் கத்தியுமாக அங்கேயே இருப்பதற்குத் தனிக் கூலி பேசுங்கள். இந்த ஏற்பாடுகளிலேயே மிகக் குறைந்த செலவு இதுதான், அதிகப் பலன் தருவதும் இதுதான். நுழைவாயில் வளைவைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: மே மாதத்தில் அது வேண்டாம். எல்லோரும் வெளியேறும் ஒரே வழியின் மேல் நிற்கிற, அவசரத்துக்கு இறக்க முடியாத ஒரு பொருளை வைப்பதில் எந்த அழகும் இல்லை. நாற்காலிகளையும் தென்னை மரங்களிலிருந்து தள்ளியே போட வேண்டும். காற்றில் மட்டையும் நெற்றும் விழும், இடியும் உயர்ந்த மரத்தைத் தேடித்தான் இறங்கும்.

சாமியானா வேறு விதத்தில் ஏமாற்றும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு கிலோ எடை. 15 அடிக்கு 15 அடி துணியின் மேல் 20 மில்லிமீட்டர் மழை விழுந்து வழியாமல் நின்றால் 400 கிலோவுக்கு மேல் எடை. கோடை மழை அரைமணி நேரத்தில் இதைக் கொட்டிவிடும். துணியில் முதலில் சின்னக் குழி விழும். குழி தண்ணீரை இழுக்கும். தண்ணீர் குழியைப் பெரிதாக்கும். சரிவில்லாமல் தட்டையாகக் கட்டிய சாமியானா வெயிலுக்கு மட்டுமே ஆகும். மழை தொடங்கிவிட்டால் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. 'பந்தலுக்குள் வாங்க, நனையாதீங்க' என்று அன்போடு கூப்பிடுவது ஆட்களை ஆபத்துக்குள் கூப்பிடுவதாகும். மின்னலிலிருந்தும் பந்தல் காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியவை கான்கிரீட் கட்டடமும் கண்ணாடி ஏற்றிய கார், பேருந்தும்தான்.

ஆகவே திடலை முன்பதிவு செய்யும் நாளிலேயே, நடந்து போகிற தூரத்தில் ஒரு கட்டடத்துக்கும் பேசிவிட வேண்டும். பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ, எதுவானாலும் சரி. அரைமணி நேரம் நெருக்கி நிற்க ஆளுக்கு ஐந்து சதுர அடி என்று வைத்தால், ஐந்நூறு பேருக்கு 2500 சதுர அடி வேண்டும். அங்கே போகிற வழியைச் சாயங்காலம் ஒரு தடவை நடந்து பாருங்கள். கேட்டுக்கு யாரோ பூட்டுப் போட்டிருப்பார்கள், வழியில் பைக்குகளை நிறுத்தியிருப்பார்கள்.

இனி, எப்போது எழுப்பி அனுப்புவது? 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவில் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில் ஓர் இரவு இசை நிகழ்ச்சி. சுகர்லேண்ட் என்ற குழு மேடையேறவிருந்தது. புயல் மேகம் வருவது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. சில நிமிடங்களுக்கு முன்பு மைக்கில், மழை வரலாம், நிகழ்ச்சி நடக்கும் என்றுதான் அறிவித்தார்கள். மழைக்கு முன்னோடியாக வந்த காற்றிலேயே மேடைக் கூரை கூட்டத்தின் மேல் சரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணை, கூரையின் கட்டுமானக் குறைகளோடு இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது: நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருடையது என்பது அங்கே தெளிவாக இல்லை.

நம் வீட்டு விசேஷத்திலும் இதே சிக்கல் உண்டு. பெண்ணின் அப்பா மேடையில் கைகூப்பி நிற்கிறார். அவரிடம் போய்க் கேட்டால் 'இன்னும் ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாம் மச்சான், சம்பந்தி வீட்டார் இப்பத்தான் வந்திருக்காங்க' என்பார். அந்த இடத்தில் நின்றால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் முடிவை அவரிடம் விடக் கூடாது. தாய்மாமனோ சித்தப்பாவோ, மேடையில் வேலை இல்லாத ஒருவரிடம் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும்: நீங்கள் சொன்னால் நிறுத்துவோம், மறுபேச்சு இல்லை.

அவருக்கு வேண்டியவை ஒரு கைபேசியும் ஒரு ஜோடிக் காதும்தான். மதியத்திலிருந்து mausam.imd.gov.in தளத்தில் அந்த மாவட்டத்துக்கான மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் ரேடார் படத்தையும் பார்த்துவர வேண்டும். திருச்சிப் பக்கத்துக்குக் காரைக்கால் ரேடாரின் படம் உதவும். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் மேகம் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியும். இருபது நிமிட இடைவெளியில் இரண்டைப் பார்த்தால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். சிவப்புத் திட்டு நம் பக்கம் நகர்ந்து 40 கி.மீ. தொலைவுக்குள் வந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று கொள்ளலாம். காற்று இன்னும் முன்னதாகவே வரும். ஆனால் இடி மேகம் நம் தலைக்கு மேலேயே புதிதாகவும் முளைக்கும், அரைமணியில் வளர்ந்துவிடும். அதை ரேடார் முன்கூட்டிக் காட்டாது. புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி சுற்றுவட்டாரத்தில் விழும் மின்னலைக் காட்டும். அதுவும் இல்லாவிட்டால், மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதுதான் நிறுத்தும் கணக்கு. மேடைக்குப் பக்கத்தில் பாட்டுச் சத்தத்தில் இடி கேட்காது. பொறுப்பாளர் அவ்வப்போது திடலுக்கு வெளியே போய் நின்று கேட்க வேண்டும்.

இப்போது கரண்ட். நம் வரவேற்பில் மேடை விளக்குக்கு 3 கிலோவாட், ஒலிபெருக்கிக்கு 3, எல்.இ.டி. திரைக்கு 2, சீரியல் பல்பு அலங்காரத்துக்கு 2, சாப்பாட்டுப் பந்தலில் விளக்கும் மின்விசிறியுமாக 3, சமையலில் கிரைண்டர், தண்ணீர் மோட்டாருக்கு 2. மொத்தம் 15 கிலோவாட். ஜெனரேட்டரை கே.வி.ஏ. கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். அதில் எண்பது சதவீதம்தான் கிலோவாட். 25 கே.வி.ஏ. என்றால் 20 கிலோவாட். நமக்குப் போதும், ஆனால் மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்தால்தான் போதும். மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் அதன் வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அது ஒலிபெருக்கி இருக்கும் ஃபேஸிலேயே இருந்தால் மிக்ஸர் அணைந்து எழும். டிஜிட்டல் மிக்ஸர் மறுபடி உயிர்பெறும்வரை மைக்கில் பேச முடியாது. ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸில் மிக்ஸரையும் கம்பியில்லா மைக்கின் ரிசீவரையும் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

பலர் இ.பி. கரண்டில் ஓட்டிக்கொண்டு, போனால் ஜெனரேட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நான் இதைத் தலைகீழாக வைக்கச் சொல்வேன். மேடை, ஒலி, நடைபாதை விளக்கு மூன்றும் நாலு மணியிலிருந்தே ஜெனரேட்டரில் ஓடட்டும். சமையலும் அலங்காரமும் இ.பி.யில் இருக்கட்டும். இ.பி. போனால் அலங்காரம்தான் அணையும், மேடை அணையாது. ஜெனரேட்டர் நின்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி மேடையை இ.பி.க்கு மாற்றலாம். நாலு மணிக்கே சுமையோடு ஓட்டிவிட்டதால், பேட்டரி செத்தது, டீசலில் காற்று அடைத்தது போன்ற கோளாறெல்லாம் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். இந்தச் சுமைக்கு மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் என்று வைத்துக்கொண்டால் ஏழு மணி நேரத்துக்கு 35 லிட்டர். 50 லிட்டர் வைத்திருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது டீசல் ஊற்றவிடாதீர்கள். சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டர் ஒயரை நேரே இ.பி. போர்டில் சொருகுவது எங்கோ கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனைக் கொல்லும். அப்படி இணைக்க முன்வருகிற எலக்ட்ரீஷியனை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

திடலில் பழைய மெட்டல் ஹாலைடு ஃபோகஸ் விளக்குகள் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நொடி கரண்ட் தடுமாறினாலும் அவை அணைந்துவிடும். குழல் ஆறும்வரை மறுபடி எரியாது, பத்து நிமிடம்கூட ஆகும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க, திடல் இருட்டில் கிடக்கும். எல்.இ.டி.யில் இந்தச் சிக்கல் இல்லை.

இதெல்லாம் காற்றில்லாத மின்தடைக்கு. காற்றோடு வரும் மின்தடைக்கு விதியே வேறு. ராஜஸ்தானில் பார்மேர் மாவட்டத்து ஜசோல் கிராமத்தில் 2019 ஜூன் 23 அன்று ராம கதை கேட்கக் கூடியிருந்தவர்கள் மேல், புயல் காற்றிலும் மழையிலும் பந்தல் சரிந்தது. பதினான்கு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பந்தலின் எடை மட்டுமல்ல, ஈரத்தில் பாய்ந்த மின்சாரமும் உயிர்களை எடுத்தது. சரிகிற பந்தலில் இரும்புக் கம்பம், அதில் சுற்றிய சீரியல் ஒயர், கீழே ஈரத் தரை. அந்த நேரத்தில் ஒயரில் கரண்ட் இருந்தால், அது இ.பி. கரண்டானாலும் ஜெனரேட்டர் கரண்டானாலும் ஒன்றுதான்.

அதனால் அமைதியான வானத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். காற்று கிளம்பிவிட்டால் ஜெனரேட்டரும் நிற்க வேண்டும். தானாகவே ஸ்டார்ட் ஆகிற வகையாக இருந்தால் அதை 'மேனுவல்' நிலைக்கு மாற்றி வையுங்கள். ஜெனரேட்டர் பெட்டியில் சிவப்பாக ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், பொறுப்பாளர் கை காட்டியதும் அமுக்க வேண்டும். அந்த நொடியில் ஐந்நூறு பேர் இருட்டில் நிற்கக் கூடாது என்பதால், மூன்றாவதாக ஒரு வெளிச்சம் தேவைப்படுகிறது: பேட்டரியில் எரியும் எமர்ஜென்சி விளக்குகள். மேடைப் படியில் ஒன்று, பெண்கள் கழிப்பறையில் ஒன்று, சமையலில் இரண்டு, வெளியேறும் வழி நெடுக பதினைந்து அடிக்கு ஒன்று. ஒலிக்கும் அப்படியே, சார்ஜில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று மைக்கோடு மேடைக்கு அடியில் தயாராக இருக்கட்டும். வெளிச்சம் கெட்டாலும் குரல் கேட்டால் கூட்டம் பதறாது.

போர்டில் ஈ.எல்.சி.பி. இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த் கம்பியோடு சேர்த்துக் கம்பியைத் தரையில் அடித்திருந்தால்தான் அது ஒழுகும் கரண்டைப் பிடித்து அறுக்கும். எர்த்தே இல்லாவிட்டாலும் அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் அது விழுந்து காட்டும். அதை நம்பக் கூடாது. எர்த் கம்பி எங்கே அடித்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. சில விளக்குகள் திடீரென்று கண்ணைக் கூசும்படி எரிந்து, வேறு சில மங்கினால், நியூட்ரல் விட்டுப்போகிறது என்று அர்த்தம். உடனே மெயினை நிறுத்தாவிட்டால் ஒலிபெருக்கியும் திரையும் கருகும்.

அந்தப் பத்து நிமிடத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். மணி 7.20. ரேடாரில் சிவப்புத் திட்டு 35 கி.மீ.க்கு வந்துவிட்டது. பொறுப்பாளர் ஃப்ளெக்ஸை இறக்கச் சொல்கிறார், திரையை அணைக்கச் சொல்கிறார், பள்ளிக்கூடக் கதவைத் திறந்து விளக்கு வைக்க ஆள் அனுப்புகிறார். சமையலில் புதிதாக எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம் என்கிறார். கொதிக்கும் எண்ணெயில் மழைத் தண்ணீர் விழுந்தால் சீறித் தெறிக்கும். காற்று அடுப்புத் தீயைக் கீற்றுக்குத் திருப்பும். 7.50க்கு இருபத்தைந்து எண்ணுவதற்குள் இடி கேட்கிறது. மைக்கில், 'பெரியோர்கள், சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மழை வருது. இடது பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துல எல்லோருக்கும் இடம் இருக்கு, சாப்பாடும் அங்கேயே வரும். குழந்தைகளையும் பெரியவங்களையும் முன்னால அனுப்பிட்டு நாம மெதுவா போவோம்' என்று சொல்லப்படுகிறது. மணமக்கள் முதலில் இறங்கி நடக்க வேண்டும். அவர்கள் மேடையில் இருக்கும்வரை மொய் கொடுக்க நிற்கும் வரிசை கலையாது. சமையல்காரர் எண்ணெய்ச் சட்டியை மூடி, சிலிண்டர் வால்வைத் திருகி அடைக்கிறார். 7.58க்குக் குளிர்ந்த காற்று. திடலில் கடைசி ஐம்பது பேர்தான் இருக்கிறார்கள். சிவப்புப் பொத்தான் அமுக்கப்படுகிறது, அலங்கார மெயினும் இறக்கப்படுகிறது. பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் நடக்கிறார்கள்.

கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை யாரும் திடலுக்குத் திரும்பக் கூடாது. திரும்பியதும் ஒரே அடியாக மெயினைப் போட்டுவிடக் கூடாது. முதலில் எலக்ட்ரீஷியன் டார்ச்சோடு ஒயர் போகும் வழியெல்லாம் நடந்து, டேப் சுற்றிய ஜாயின்ட் எதுவும் தண்ணீரில் கிடக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு வரியாகப் போட்டு, ஒவ்வொரு போர்டிலும் மீட்டர் வைத்து 230 வோல்ட் அக்கம்பக்கமாக வருகிறதா என்று பார்ப்பார். மேடையும் நடைபாதையும் எரிந்தால் போதும். மரத்திலும் கம்பத்திலும் சுற்றிய சீரியல் பல்புகள் மட்டும் அன்றிரவு மறுபடி எரிய வேண்டாம். மறுநாள் வெயிலில் காய்ந்த பிறகு பிரித்து எடுக்கட்டும்.